பெயர் உங்களுடையது, தையல் திருப்பூருடையது

ஒரு தையல் மிஷின்கூடச் சொந்தமாக இல்லாமல் டி-ஷர்ட் பிராண்டு நடத்துகிறவர்கள் இன்று பலர். அதற்கு இடம் கொடுக்கும் ஊர் திருப்பூர். நூல் ஒரு ஸ்பின்னிங் மில்லிலிருந்து வரும். அதைத் துணியாகப் பின்னுவது நிட்டிங் யூனிட். சாயம் ஏற்றுவது சாயப்பட்டறை. சாயம் ஏறிய துணியை நீராவியில் அழுத்திச் சுருக்கி நிலைநிறுத்துவது காம்பாக்டிங். வெட்டித் தைப்பது பனியன் கம்பெனி. அந்தக் கம்பெனியும் வேலை நெருக்கும்போது ‘பவர் டேபிள்’ என்று அங்கே சொல்லப்படும் தையல் கூடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பிரிண்டிங்குக்கு வேறு இடம், எம்பிராய்டரிக்கு வேறு இடம். ஒரு டி-ஷர்ட் நம் கைக்கு வருவதற்குள் ஏழெட்டு வாசல்களை ஏறி இறங்கியிருக்கும்.

இப்படிப் பிறர் பெயருக்குத் தைத்துக் கொடுப்பதுதான் திருப்பூரின் தொழில். ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் தொங்கும் எத்தனையோ பிராண்டுகள் இங்கேதான் உருவாகின்றன. நைக்கியின் ஷூக்களைத் தைப்பதும் பிறருடைய தொழிற்சாலைகள்தான். ஆப்பிளின் ஐபோன்களை ஸ்ரீபெரும்புதூரில் பொருத்துவது பாக்ஸ்கான். வடிவமைப்பு, விற்பனை, தரம் மூன்றையும் பிராண்டு வைத்துக்கொண்டு, செய்வதை மட்டும் வெளியே கொடுக்கும் முறை இது. இதில் வடிவமைப்பும் விற்பனையும் ஓரளவு எல்லோருக்கும் புரிகின்றன. மூன்றாவதான தரத்தில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். தைத்து முடித்த பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் தரப் பரிசோதனை என்று நினைக்கிறார்கள். டி-ஷர்ட்டைப் பொறுத்தவரை, துணியில் கத்தரி படுவதற்கு முன்பே தரத்தின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. துணி தவறாக இருந்தால், எவ்வளவு நேர்த்தியான தையலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். மதுரையில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் ஆண்களுக்கான டி-ஷர்ட் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பருத்தி, வட்டக் கழுத்து, அரைக்கை, நெஞ்சில் ஒரு சிறிய பிரிண்ட். முதல் ஆர்டர் 500 உருப்படி.

ஐந்து நிறமா, ஒரு நிறமா?

அவருடைய முதல் ஆசை, ஐந்து நிறத்தில் நூறு நூறு போடலாம் என்பதாக இருக்கும். கேட்கும் கம்பெனிகளில் பாதி இதற்கு ஒப்புக்கொள்ளாது. ‘ஒரு கலருக்கு இத்தனை பீஸ் இருந்தால்தான் எடுப்போம்’ என்பார்கள். சிறியவர்களை மதிக்காத பேச்சு இது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் குறைந்தபட்ச அளவு தையல் கூடத்தில் முடிவாவதில்லை, சாயப்பட்டறையில் முடிவாகிறது.

ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று பாருங்கள். எல் சைஸில் உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22. மடிப்புக்கும் தையலுக்கும் 10 சேர்த்தால் 104. மார்பின் பாதிச் சுற்று 54, தையலுக்கு 2 சேர்த்து 56. 104-ஐ 56-ஆல் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்குமாக இரண்டால் பெருக்கினால் 11,648 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடையுள்ள துணி என்றால், இது ஏறத்தாழ 210 கிராம். கழுத்து ரிப், வெட்டில் போகும் சேதாரம் எல்லாம் சேர்த்து 230 கிராம் என்று வைக்கலாம். நூறு டி-ஷர்ட்டுக்கு 23 கிலோ துணி போதும்.

சாயம் ஏற்றும் மிஷின்களோ பெரிய கலன்கள். நூறு, இருநூறு கிலோ என்று துணி பிடிப்பவை. அவற்றில் 23 கிலோவை மட்டும் போட்டால் தண்ணீர், உப்பு, நீராவி, ஆள்கூலி எல்லாம் அந்த 23 கிலோவின் தலையில் ஏறும். சாம்பிளுக்கான சிறிய மிஷின்கள் உண்டு, ஆனால் கிலோவுக்கான கூலி கூடும். ஐந்து நிறங்களுக்கு ஐந்து முறை இந்தச் செலவு. 500 டி-ஷர்ட்டையும் ஒரே நிறத்தில் எடுத்தால் 115 கிலோ. ஒரே கலனில் ஒரே தடவையில் முடியும். எனவே முதல் ஆர்டரை ஒரு நிறத்தில், மிஞ்சினால் இரண்டு நிறத்தில் நிறுத்துவதே நல்லது. நிறங்கள் வேண்டுமென்றே நிற்பவருக்கு வேறொரு வழி உண்டு. கருப்பு, வெள்ளை, நேவி போன்ற அன்றாட நிறங்களில் சாயமேற்றித் தயாராக வைத்திருக்கும் துணிக் கடைகள் திருப்பூரில் இருக்கின்றன. அங்கே தேவையான கிலோவை மட்டும் வாங்கலாம். அப்போது நிறத்தைத் தேர்வு செய்யும் உரிமை போய்விடும், அடுத்த முறை அதே ஷேடு கிடைக்கும் என்ற உறுதியும் இருக்காது.

நம் மதுரைக்காரர் நேவி நீலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். 115 கிலோ.

எழுதிக் கொடுக்காதது கிடைக்காது

அடுத்து அவர் ஒரு தாள் தயாரிக்க வேண்டும். தொழிலில் இதை டெக் பேக் என்பார்கள். ‘நல்ல தடிமனான காட்டன், சாஃப்ட்டா இருக்கணும்’ என்று வாயால் சொன்னால் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்வார்கள். தாளில் இருக்க வேண்டியது இதுதான்: 24-ஆம் நம்பர் கோம்ப்டு பருத்தி நூல், சிங்கிள் ஜெர்சி, முடித்த துணியின் எடை 180 ஜி.எஸ்.எம்., கூடக்குறைய 5 விழுக்காடு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். நூலின் நம்பர் கூடக்கூட நூல் மெல்லியதாகும். 30-ஆம் நம்பர் நூலில் 150-ஐ ஒட்டிய மெல்லிய துணிதான் இயல்பாக வரும். 30-ஆம் நம்பர் நூலைக் கொண்டே 180 தருகிறேன் என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேட்டே ஆக வேண்டும்.

கழுத்துக்கு லைக்ரா கலந்த ரிப். உடல் துணியும் ரிப்பும் ஒரே லாட்டில் சாயமேற வேண்டும் என்ற வரியைத் தாளில் மறக்காமல் சேர்க்க வேண்டும். வேறு வேறு நாளில் சாயமேறினால் கழுத்து ஒரு நேவி, உடல் ஒரு நேவி என்று வந்து நிற்கும். மடித்து வைத்திருக்கும்போது தெரியாது, வெயிலில் போட்டுக்கொண்டு நின்றால் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

அளவு அட்டவணையில் ஒவ்வொரு சைஸுக்கும் மார்பு, நீளம், தோள், கை, கழுத்து அகலம் எல்லாம் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளப்பது என்பதைப் படம் போட்டுக் காட்ட வேண்டும். மார்பை அக்குளிலிருந்து அளப்பவரும், அக்குளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே அளப்பவரும் ஒரே சட்டையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். மார்புக்குக் கூடக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்பது போல, எவ்வளவு மாறலாம் என்பதையும் எழுதிவிட வேண்டும். பின்னலாடை நெகிழும் துணி, மில்லிமீட்டர் சுத்தம் அதில் கிடையாது.

துணி யாருடையது?

வேலை கொடுப்பதில் இரண்டு வழிகள். முதல் வழியில் துணியிலிருந்து பாலித்தீன் கவர் வரை எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். நாம் ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். இரண்டாவது வழியில் துணியை நாமே வாங்கிக் கொடுத்து, வெட்டு, தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆகியவற்றுக்கு மட்டும் கூலி தருகிறோம். இதுதான் ஜாப் ஒர்க்.

புதியவருக்கு முதல் வழிதான் எளிது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. துணி வாங்குவது கிலோக் கணக்கில், டி-ஷர்ட் விற்பது எண்ணிக்கைக் கணக்கில். ஒரு கிலோ துணியிலிருந்து எத்தனை கூடுதல் பீஸ் எடுக்க முடிகிறதோ அத்தனையும் செய்பவருக்கு லாபம். மதுரைக்காரர் ஒரு பீஸ் 190 ரூபாய் என்ற விலையைப் பேசிப் பேசி 180-க்குக் கொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். முடித்த துணி கிலோ 450 ரூபாய் என்று கணக்குக்காகப் போடுங்கள். நூல் விலையைப் பொறுத்து இது அடிக்கடி மாறும். 230 கிராம் துணி 104 ரூபாய். அதே சட்டையை 180-க்குப் பதில் 165 ஜி.எஸ்.எம். துணியில் தைத்தால் 211 கிராம் போதும், 95 ரூபாய். குறைத்த பத்து ரூபாயில் ஒன்பது ரூபாய் வசூலாகிவிட்டது. வாங்கியவர் கையால் தடவிப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக, ‘இந்த விலைக்கு 165-தான் கட்டும்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் வேலை கொடுப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். விலையைக் கண்ணை மூடிக்கொண்டு நெரித்தால், அது எங்கேயோ ஓரிடத்தில் துணியிலிருந்து கழியும்.

இதைப் பிடிப்பதற்கு ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஜி.எஸ்.எம். கட்டர் என்று பெயர், வட்டமான உலோகக் கருவி. துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு ஒன்று வெட்டுப்படும். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். துண்டு 1.80 கிராம் இருந்தால் 180. 1.65 இருந்தால் 165. நகை எடைபோடுவது போன்ற, கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசு ஒன்று வேண்டும். துணி ரோலின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு ஓரத்தில் ஒன்று என்று வெட்டிப் பார்ப்பது வழக்கம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துணியின் அகலத்தைத் திருப்பூரில் டயா என்பார்கள். காம்பாக்டிங்கில் டயாவை இழுத்துப் பிடித்து முடித்தால் துணி அகலமாகவும் மெல்லியதாகவும் வரும், கிலோவுக்குக் கூடுதல் பீஸ் கிடைக்கும். ஆனால் பின்னலாடையின் கண்ணிகள் தங்கள் இயல்பு நிலையை மறப்பதில்லை. முதல் சலவையில் தண்ணீர் பட்டதும் அவை பழைய அளவுக்குத் திரும்பும், சட்டை சுருங்கும். வாடிக்கையாளர் ‘ஒரே துவையலில் சின்னதாகிவிட்டது’ என்று சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இந்த இழுப்புதான் இருக்கிறது. அதனால் எடையை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது. துணியின் மேல் 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, வாடிக்கையாளர் துவைப்பது போலவே துவைத்துக் காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் 47.5 ஆனால் 5 விழுக்காடு சுருக்கம். பருத்தி சிங்கிள் ஜெர்சியில் அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். 46-க்கு வந்தால் அந்தத் துணியை வெட்ட விடக் கூடாது. திரும்பக் காம்பாக்டிங்குக்குப் போக வேண்டும்.

அதே துவையலில் இன்னொன்றும் தெரியும். சில டி-ஷர்ட்டுகளின் பக்கவாட்டுத் தையல் இடுப்பிலிருந்து நழுவி வயிற்றுப் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலில் இருக்கும் முறுக்கு, ஈரம் பட்டதும் விடுபடப் பார்க்கிறது; துணி மொத்தமாகச் சாய்ந்துகொள்கிறது. ஸ்பைராலிட்டி என்பது இதன் பெயர். தையல்காரர் மேல் பழி போவது வழக்கம், அவருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நூலிலும் நிட்டிங்கிலும் துணியை முடிக்கும் விதத்திலும் இருக்கும் குறை இது. ஒரு மாதிரிச் சட்டையைத் தைத்துத் துவைத்துப் பார்த்தால் வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நேவி நீலத்தின் சாயம்

நிறத்துக்கு சாயப்பட்டறை முதலில் சிறு துண்டுகளில் சாயமேற்றி ஏ, பி, சி என்று மூன்று ஷேடுகள் அனுப்பும். இதற்கு லேப் டிப் என்று பெயர். அவற்றைக் கடை டியூப்லைட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்; ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு நீலங்கள் மறு வெளிச்சத்தில் பிரிந்து போகும். பிடித்த துண்டை இரண்டாக வெட்டி, இரண்டிலும் கையெழுத்திட்டு, ஒன்றைப் பட்டறையிடம் கொடுத்து மற்றொன்றை வெயில் படாமல் கவரில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தத் துணி வந்ததும் ஒப்பிடுவதற்கு அந்தத் துண்டு ஒன்றுதான் சாட்சி. செல்போன் படத்தை நம்பி நிறம் முடிவு செய்வது வேண்டவே வேண்டாம்.

அடர்ந்த நிறங்களில் அதைவிடப் பெரிய கேள்வி சாயம் ஒட்டுமா என்பது. பருத்தியில் ஏற்றப்படும் ரியாக்டிவ் சாயங்களில் ஒரு பகுதி இழையோடு சேராமல் மேலோட்டமாகத் தங்கிவிடும். அதைப் பலமுறை சூடான தண்ணீரில் அலசி வெளியேற்ற வேண்டும். அலசலைக் குறைத்தால் அந்த மிச்சச் சாயம் வாடிக்கையாளரின் பக்கெட்டில்தான் கரையும். திருப்பூரில் தண்ணீருக்குத் தனிக் கதை உண்டு. நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவை மீண்டும் இயங்குகின்றன. அது நியாயமான நிபந்தனை. ஆற்றையும் அதைச் சார்ந்த விவசாயிகளையும் பலிகொடுத்து யாருக்கும் டி-ஷர்ட் வேண்டாம். அதன் விளைவாக ஒவ்வொரு லிட்டர் அலசல் தண்ணீருக்கும் செலவு இருக்கிறது. மிக மலிவாகச் சாயக் கூலி சொல்லும் பட்டறை எங்கே மிச்சம் பிடிக்கிறது என்று கேட்பது அதனால் இரண்டு வகையில் நம் கடமை. ஒன்று, அலசல் குறைந்திருக்கலாம். இன்னொன்று, கழிவு முறையாகப் போகாமல் இருக்கலாம். எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் முறையாக நடத்துகிறவர் உடனே சொல்லிவிடுவார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது: வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து விரலில் சுற்றி, நேவித் துணியில் ஒரே இடத்தில் அழுத்தமாகப் பத்து முறை தேயுங்கள். ஆய்வகத்தில் கருவியை வைத்துச் செய்வதும் இதைத்தான். எவ்வளவு நிறம் இறங்கியது என்பதை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள், 5 என்றால் துளியும் இறங்கவில்லை. அடர் நீலத்தில் ஈரத் தேய்ப்புக்கு லேசான சாயல் இறங்கத்தான் செய்யும். வெள்ளைத் துணி தெளிவான நீலமாகிவிட்டால் அந்த லாட் திரும்ப அலசலுக்குப் போக வேண்டும். திருப்பூரில் இதற்கெல்லாம் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. 115 கிலோ துணியின் விலையோடு ஒப்பிட்டால் அவர்கள் வாங்கும் கட்டணம் சிறியது. முதல் லாட்டுக்காவது அறிக்கை வாங்கிவிடுவது நல்லது.

சாம்பிள் தைத்தவர் யார்?

துணி தேறிவிட்டது. இப்போது தையல். கம்பெனி காட்டும் சாம்பிள் எப்போதும் அழகாக இருக்கும். அதைத் தைத்தவர் சாம்பிள் அறையில் இருக்கும் தேர்ந்த டெய்லர். 500 பீஸைத் தைக்கப்போவது லைனில் இருக்கும் பலர், அல்லது ஊருக்கு வெளியே இருக்கும் பவர் டேபிள். ‘எங்கே தைப்பீர்கள், நான் வந்து பார்க்கலாமா?’ என்ற கேள்வியை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு, நமக்குத் தெரியாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

உண்மையான துணியில், உண்மையான ரிப்பும் லேபிளும் பிரிண்டும் வைத்துத் தைத்த ஒரு சட்டையை இருவரும் ஒப்புக்கொண்டு சீல் வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். சீல் சாம்பிள் இல்லாமல் வெட்டுக்கு அனுமதி தரக் கூடாது. வெட்டுவதற்கு முன் ரோலைப் பிரித்து, துணியை ஓர் இரவாவது தளர விட வேண்டும். இழுவையோடு இருக்கும் துணியை வெட்டினால், வெட்டிய பிறகு துண்டுகள் தாமாகவே சிறுத்துவிடும். அவசர ஆர்டர்களில் முதலில் பலியாவது இந்த ஓர் இரவுதான்.

லைனில் முதல் இருபது முப்பது பீஸ் இறங்கும்போது போய்ப் பார்ப்பது, 500-ம் முடிந்த பிறகு பார்ப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. அப்போது பார்க்க வேண்டியவற்றில் மிக நயவஞ்சகமானது ஊசி வெட்டு. பின்னலாடைக்கு நுனி உருண்ட பால் பாயின்ட் ஊசி வேண்டும். அது நூல்களுக்கு இடையில் ஒதுங்கி நுழையும். கூர் ஊசியோ, தேய்ந்து பிசிறடித்த ஊசியோ நூலையே அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு துவையலுக்குப் பிறகு தோள் தையலை ஒட்டி வரிசையாகச் சிறு ஓட்டைகள் விழும். தையலை இரு கைகளாலும் இரு பக்கமும் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அறுந்த கண்ணிகள் அப்போதே தென்படும். லைனில் பிடித்துவிட்டால் ஓர் ஊசியை மாற்றுவதோடு முடிந்துவிடும். கழுத்தையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தலை நுழையும் அளவுக்கு விரிந்தும் தையல் நூல் அறக் கூடாது, விட்டதும் அலை அலையாக நிற்கவும் கூடாது.

ஐம்பதில் மூன்று

இறுதிப் பரிசோதனையில் 500-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது சிறிய பிராண்டுக்கு முடியாததில்லை. முதல் ஆர்டரில் பார்த்துவிடலாம் என்பதே என் எண்ணம். ஆர்டர் வளர்ந்தபின் அது நடக்காது. அதற்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒரு மாதிரி எடுப்பு முறை இருக்கிறது, பெயர் ஏ.கியூ.எல். ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தரநிலையின் அட்டவணை அது. இந்தியத் தரநிலையில் ஐ.எஸ். 2500. 281 முதல் 500 வரை உள்ள ஒரு லாட்டிலிருந்து 50 பீஸ் எடுக்க வேண்டும் என்கிறது அந்த அட்டவணை. ஆடைகளில் பெருங்குறைகளுக்குப் பரவலாகப் பயன்படும் 2.5 என்ற அளவுகோலில், 50-இல் மூன்று குறை வரை லாட்டை ஏற்கலாம். நான்காவது வந்தால் லாட் முழுவதும் திரும்பும். கம்பெனி 500-ஐயும் மறுசெக்கிங் செய்து கொடுக்க வேண்டும்.

எது பெருங்குறை என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஓட்டை, விட்டுப்போன தையல், ஷேடு மாற்றம், அளவு மீறல் ஆகியவை பெருங்குறைகள். வெட்டாமல் விட்ட பிசிறு நூல் சிறுகுறை, அதற்குச் சற்றுத் தளர்ந்த அளவுகோல். உடைந்த ஊசித் துண்டு உள்ளே கிடப்பது போன்றவற்றுக்கு ஒன்றுகூட அனுமதியில்லை. அந்த 50-ஐ நாமே, நாமே தேர்ந்தெடுத்த பெட்டிகளிலிருந்து, எல்லா சைஸிலும் கலந்து எடுக்க வேண்டும். ‘இதோ சார், எடுத்து வச்சிருக்கோம்’ என்று மேஜையில் அடுக்கியிருப்பதைச் சோதிப்பதில் பொருளில்லை.

இந்த முறையின் எல்லையையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறைகளைத்தான் அது பிடிக்கும். சுருக்கத்தையோ சாயம் போவதையோ அது காட்டாது. பத்து வாசல் தாண்டி வந்த பெட்டியின் முன் நின்று அவற்றைத் தேடுவதில் பயனில்லை, அவை துணியிலேயே முடிந்துபோன விஷயங்கள்.

லேபிளும் பணமும்

பிராண்டின் பெயரை விளம்பரத்துக்கு முன்பே வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்துவிட வேண்டும். ஆடைகளுக்கு 25-ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். நம் பெயரில், நம் முகவரியில். தைத்துத் தருபவர் உதவிக்காக அவர் பெயரில் போடுகிறேன் என்றாலும் வேண்டாம். பேட்டர்னும் பிரிண்ட் ஃபைலும் யாருடையவை என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரி.

கழுத்து லேபிளை எண்ணிக் கொடுப்பது பலர் கவனிக்காத விஷயம். 500 உருப்படிக்கு 515 லேபிள் கொடுத்தால், நல்ல பீஸ், கழிந்த பீஸ், மிஞ்சிய லேபிள் மூன்றும் சேர்த்து 515 கணக்குக் காட்ட வேண்டும். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிந்ததும் மொத்தமாக விற்பனையாகும் என்பது ஊரறிந்தது. தரம் தேறாத செகண்ட்ஸ் நம் பெயரோடு அங்கே போனால், நாம் 599-க்கு விற்கும் சட்டை பக்கத்திலேயே 120-க்குத் தொங்கும், அதுவும் ஓட்டையோடு. கழிந்த பீஸில் லேபிளை அகற்றிவிட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் ஒர்க் என்றால் துணிக்கும் இதே கணக்கு: கொடுத்த 115 கிலோ, தைத்த பீஸ்களின் எடையாகவும் வெட்டு வேஸ்ட்டின் எடையாகவும் திரும்பி வர வேண்டும். பனியன் வேஸ்ட்டுக்கும் விலை உண்டு, அது யாருக்கு என்பதையும் பேசிவிடலாம்.

குறை வந்தால் யார் ஏற்பது என்பதுதான் உறவுகளை முறிக்கும் கேள்வி. தையலில் கெட்டுப்போன சட்டைக்குக் கம்பெனி தன் ஐம்பது ரூபாய்க் கூலியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும். அதில் வீணான 104 ரூபாய்த் துணி யார் கணக்கு? எத்தனை விழுக்காடு வரை சேதாரம் இயல்பு, அதற்கு மேல் துணி விலையையும் யார் தருவது என்பதை முதல் மீட்டர் வெட்டப்படுவதற்கு முன் பேசி முடித்தால் ஐந்து நிமிடப் பேச்சு. பின்னால் என்றால் முடிவே வராது.

நம் பக்கத்திலும் கடமை இருக்கிறது. பாதி முன்பணம், மீதி பரிசோதனை தேறிய பிறகு, சரக்கு கிளம்பும் முன் என்பது சிறு ஆர்டர்களில் நியாயமான ஏற்பாடு. கடனுக்கு வாங்கினால், சிறு தொழில் நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சட்டம். வாரக் கடைசியில் கூலி எண்ணிக் கொடுக்கும் பவர் டேபிள்காரருக்கு நம் தாமதம் நேரடியாக வலிக்கும். பணம் சொன்ன நாளில் வரும் ஆளின் வேலைக்குத்தான் சீசன் நெருக்கடியிலும் லைனில் இடம் கிடைக்கும்.

மதுரைக்காரரின் 500-ம் விற்றுத் தீர்ந்து அதே நேவியை மறுபடி போடும்போது, ‘போன தடவை மாதிரியே’ என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நூல் வேறு லாட், சாயம் வேறு நாள். கவரில் இருக்கும் கையெழுத்திட்ட துண்டை எடுத்து ஒப்பிட்டு, எடை, சுருக்கம், தேய்ப்பு மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். உள்பக்கத்தில் தைக்கும் வாஷ் கேர் லேபிளில் சாய லாட்டின் எண்ணை அச்சடித்துவிட்டால், மூன்று மாதம் கழித்து ஒருவர் ‘வெள்ளை வேட்டியெல்லாம் நீலமாகிவிட்டது’ என்று படம் அனுப்பும்போது அது எந்த லாட் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த லாட்டில் விற்காமல் கையில் இருக்கும் சட்டைகளை அன்றே ஒதுக்கி வைத்து, பரிசோதனை அறிக்கையோடு பட்டறைக்குப் போய்ப் பேசலாம்.